ஆயா நினைப்பதை கேமரா எப்படிப் பார்க்கும்?

வடலூரில் எடுக்கப்போகிற ஒரு குறும்படத்தின் சீன் பேப்பர் என் மேஜையில் இருக்கிறது. படம் வெளிவருவதற்கு முன்பே அதைப் படிக்கக் கொடுத்தது பெரிய விஷயம். அதிலும் அடித்தல் திருத்தலோடு இருக்கும் முதல் பிரதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்! ஒரு காட்சி கதையிலிருந்து கழன்று, கேமராவும் மைக்கும் கைப்பற்றக்கூடிய பொருளாக மாறுவதை இப்படிப் பென்சில் கோடுகளோடு பார்க்கக் கிடைப்பது அபூர்வம். பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காட்சி நடக்கும் இடம் சத்திய ஞான சபை, தைப்பூசத்தன்று. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளலார் எழுப்பிய அந்தச் சபையில் 1872 ஜனவரி 25 அன்று, தைப்பூச நாளில், முதல் ஜோதி தரிசனம் நடந்தது. ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாகக் கலப்பு நிறம். ஒவ்வொன்றாக விலகி முடிந்ததும் ஜோதி தெரியும். காலை 6 மணி தரிசனத்துக்கு எதிரே உள்ள பெருவெளி முழுக்கத் தலைகளாக இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் ஓர் ஆயாவும் ஒன்பது வயதுப் பேரனும். இதுதான் கதை. எழுதியவர் வடலூர்ப் பக்கத்து இளைஞர், சிறுகதை எழுதிப் பழகியவர். அவருடைய முதல் பிரதி இப்படிப் போகிறது:

“ஆயாவின் மனசெல்லாம் தாத்தாதான். முப்பது வருஷமாக அவரோடு சேர்ந்து பார்த்த ஜோதியை இந்த வருஷம் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று துக்கம் தொண்டையை அடைக்கிறது. திரைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. கூட்டத்தின் பக்தி அவளையும் ஆட்கொள்கிறது. ஜோதி தெரிந்ததும் அவளுக்குள் ஒரு நிம்மதி.”

சிறுகதையாகப் படித்தால் குறையே இல்லை. ஆனால் படிப்பவர் கேமராக்காரர்! அவர் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் ஒரு கண்ணோ ஒரு காதோ வரைகிறார். பார்க்க முடிந்தால் கண், கேட்க முடிந்தால் காது. இரண்டும் இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இந்தப் பத்தியில் கண் விழுந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்கு, திரைகள் விலகுவதற்கு. காது ஒன்றுகூட இல்லை.

“தம்பி, முப்பது வருஷத்தை நான் எந்தப் பக்கம் நின்னு எடுக்கணும்?”

“அண்ணே, அது அவங்க முகத்துலயே தெரியும்ணே.”

“முகத்துல சுருக்கம் தெரியும். துக்கம்கூடத் தெரியும். தாத்தா செத்தது எப்படித் தெரியும்? காசு தொலைஞ்ச துக்கமா இருக்கலாம், கால் வலியா இருக்கலாம்.”

இந்த ஒரு கேள்வியில் மொத்தத் தொழிலும் இருக்கிறது. நடிகையால் துக்கத்தைக் காட்ட முடியும். துக்கத்தின் காரணத்தை எந்த முகமும் காட்டாது. காரணம் தெரிய வேண்டுமானால் அது ஒரு பொருளாகவோ செய்கையாகவோ சத்தமாகவோ காட்சிக்குள் வந்தாக வேண்டும்.

அங்கேதான் மூக்குக்கண்ணாடி வந்தது. இதை யார் முதலில் சொன்னது என்று அந்தக் குழுவுக்கே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை! ஆயாவின் இடுப்பில் ஒரு சுருக்குப் பை. அதில் தாத்தாவின் கண்ணாடி. அந்தக் காலத்தில் கண்புரை அறுவை முடிந்தவர்களுக்குக் கொடுத்த தடித்த கண்ணாடி, கருப்புச் சட்டம். ஆயா அதை எடுத்து ஜோதியை நோக்கிப் பிடிக்கிறாள். ‘அவரும் பார்க்கட்டும்’ என்று நினைக்கிறாள் என்று எழுதவே தேவையில்லை, பிடித்தால் போதும்.

ஆனால் அது தாத்தாவுடைய கண்ணாடி என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் பென்சில். இந்தக் காட்சிக்குள் அதற்கு வழியே கிடையாது. எனவே இரண்டாவது காட்சிக்குத் திரும்பிப் போனார்கள். வீட்டுச் சுவரில் மாலை போட்ட ஒரு படம். படத்தில் இருப்பவர் முகத்தில் அதே கருப்புச் சட்டக் கண்ணாடி; தடித்த வில்லைகளுக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிகின்றன. ஆயா ஊதுவத்தி ஏற்றிவிட்டு, படத்துக்குக் கீழே உள்ள ஆணியில் தொங்கும் அதே கண்ணாடியை எடுத்துச் சுருக்குப் பையில் போடுகிறாள். மொத்தம் நாலு வரி. வசனம் இல்லை. பெரிதாகத் தெரியும் அந்தக் கண்களை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஏழு காட்சி தள்ளி அந்தக் கண்ணாடி வெளியே வரும்போது, காரணத்தை யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்காது.

நம்மூர் சீன் பேப்பரில் இடப்பக்கம் செயல், வலப்பக்கம் வசனம் என்று பிரித்து எழுதும் பழக்கம் உண்டு. இடப்பக்கத்தில் இடம் போதவில்லையே என்று தவித்து, விளக்கத்தையெல்லாம் வலப்பக்கம் தள்ளி, பாத்திரத்தின் வாயில் போட்டுவிடுவது எளிதான தப்பித்தல். ‘உங்க தாத்தா போய் அஞ்சு மாசம் ஆச்சுடா’ என்று ஆயா பேரனிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பேரனுக்குத் தெரியாதா என்ன? மைக்குக்குக் கேட்கும் என்பதற்காக எதையும் பேசவைக்கலாம் என்று அர்த்தமில்லை.

அடுத்தது என்னை நாற்காலியில் இருந்து எழுப்பிய இடம். எழுதியவர் உற்சாகத்தில் இப்படி ஒரு வரி சேர்த்திருந்தார்: “கண்ணாடியின் இரண்டு வட்டத்திலும் ஜோதி பிரதிபலிக்கிறது.” கண் பார்க்கக்கூடியதுதானே, பாஸாகிவிடும் என்று நினைத்தேன். கேமராக்காரர் அடித்துவிட்டார். கூட்டத்தின் நடுவில் நிற்கிறார்கள். ஜோதி வெகுதூரத்தில், விரல்நுனி அளவு வெளிச்சம். அது கண்ணாடியில் பட்டுத் திரும்பி, நமக்குத் தெரியும் அளவுக்கு மின்னாது. தனியாக ஒரு லைட் வைத்து ஏமாற்ற வேண்டும். அது அந்த இடத்தின் வெளிச்சத்தோடு சேராமல் தனியாகத் துருத்தும். ஒரு வரியை அனுமதிக்கும் முன், காட்ட முடியுமா என்பதோடு, அங்கே நிற்பவருக்குத் தெரியுமா என்பதையும் கேட்டாக வேண்டும்.

சரி, நிஜத்தில் என்னதான் தெரியும்? பழைய கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்து மொட்டைமாடிக்கு ஓடினார்கள். முகத்தில் போட்டுக்கொள்ளாமல், கையை நீட்டிப் பிடித்து அதன் வழியாகப் பார்த்தால்… எதிர்வீடு தலைகீழ்! குவிந்த தடித்த வில்லையைக் கண்ணிலிருந்து தூரமாகப் பிடித்தால் எட்ட இருப்பது கவிழ்ந்துதான் தெரியும். வில்லையின் குவியதூரத்தைத் தாண்டிக் கண் இருப்பதுதான் காரணம். அப்படியானால் ஆயா கையை நீட்டிப் பிடிக்கும்போது, அவள் தோளுக்குப் பின்னால் வைத்த கேமராவுக்கு என்ன தெரியும்? இரண்டு சிறிய வட்டங்களில் ஞானசபை தலைகீழாக! தலைக்கு மேல் குவித்த கைகள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கும்!

இதை யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. ‘பிரதிபலிக்கிறது’ என்ற அழகான பொய்யை அடித்த பிறகுதான் இது கிடைத்தது. கேமராக்காரர் சொன்ன இன்னொரு நுட்பம்: வட்டத்துக்குள் இருக்கும் அந்தப் பிம்பம் சபை இருக்கும் தூரத்தில் இல்லை, வில்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஃபோகஸ் வைத்தால் தூரத்துச் சபை மங்கி, கண்ணாடிக்குள் இருக்கும் குட்டிச் சபை மட்டும் கூர்மையாகும். எழுதியவர் இதையெல்லாம் பேப்பரில் போடவில்லை. “வட்டங்களுக்குள் சபை தலைகீழாகத் தெரிகிறது” என்று மட்டும் எழுதினார். ஃபோகஸ் எங்கே என்பதை அந்த வரியே கேமராக்காரரிடம் சொல்லிவிடுகிறது. ‘க்ளோஸ் அப்’ என்றும் ‘கட்’ என்றும் பேப்பர் முழுக்கக் கத்தத் தேவையில்லை. எதைத் தனி வரியாக எழுதுகிறோமோ அது தனி ஷாட்டாக வந்து நிற்கும்.

தனி வரி என்றதும் திரைகளுக்கு வருவோம். “திரைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன.” கண் விழுந்த வாக்கியம்தான், ஆனால் இது இரண்டு நொடியா, இரண்டு நிமிடமா? எடிட்டருக்கும் தெரியாது, புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் தெரியாது. ஏழு திரைக்கும் ஏழு வரி எழுதிப் பார்த்தார்கள். நாலாவது திரையிலேயே அலுத்துவிட்டது. அதற்குக் கிடைத்த வழி, பேரனின் விரல்கள். ஒவ்வொரு திரைக்கும் ஒரு விரல் மடக்குகிறான். வலது கையில் ஐந்து முடிந்துவிடும். ஆறாவதற்கு இடது கை வேண்டும், அது ஆயாவின் பிடியில் இருக்கிறது. உருவிக்கொள்கிறான். இப்போது ஆயாவின் கை சும்மா ஆகிறது. அந்தக் கைதான் சுருக்குப் பைக்குப் போகிறது! ஒரு செய்கை இன்னொன்றைத் தள்ளிவிடுகிறது. ‘அப்போது அவளுக்குத் தாத்தாவின் நினைவு வருகிறது’ என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது ஒரு காலியான கை இருக்கிறது.

‘கூட்டத்தின் பக்தி’க்கு என்ன செய்தார்கள்? அதை மைக்கிடம் கொடுத்துவிட்டார்கள். தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் பேச்சும் சத்தமும் பிறகு டப்பிங்கில்தான் சேர்கின்றன. அதனால் எழுதும்போதே சத்தத்தை எழுதும் பழக்கம் நமக்குக் குறைவு. இந்தக் குழுவில் சவுண்ட் பார்க்கும் பையன் பிடிவாதக்காரன். “பக்தின்னா எனக்குக் கேக்காதுண்ணே. யார் குரல், எங்கிருந்து, எப்ப ஆரம்பிக்குது, அத எழுதுங்க” என்று நச்சரித்திருக்கிறான். பெரிய மைதானத்தில் மகாமந்திரம் ஒரே நொடியில் எல்லா வாயிலிருந்தும் வராது. திரையைப் பக்கத்தில் பார்க்கும் முன்வரிசை தொடங்கும், பின்னால் இருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள், கடைசியில் பக்கத்தில் நிற்கும் ஆள் வாய் திறப்பார். குரல் நம்மை நோக்கி நடந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆட்கொள்கிறது’ என்பதற்கு இதுதான் கேட்கக்கூடிய வடிவம்.

சத்தத்தை எப்படி எழுதலாம் என்று யோசிப்பவர்களுக்கு ‘பேசும் படம்’ ஒரு பள்ளிக்கூடம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசன் நடித்து 1987-ல் வந்தது. வசனமே கிடையாது, ஆனால் சத்தம் உண்டு. நாயகனின் ஓட்டை அறைக்குப் பக்கத்தில் சினிமா தியேட்டர், இரவெல்லாம் அதன் சண்டைச் சத்தம். பிறகு பெரிய ஹோட்டலில் பஞ்சு மெத்தை கிடைக்கிறது, நிசப்தத்தில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. பழைய இடத்துக்குப் போய் அந்தத் தியேட்டர் சத்தத்தை டேப்பில் பதிந்துவந்து, ஓடவிட்டுத் தூங்குகிறான்! வறுமை ஒருவனின் உடம்பில் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு பித்தான், ஒரு சத்தம், மூடும் கண்கள். எல்லாமே கண்ணோ காதோ போட்டுக் குறிக்கக்கூடியவை.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சம். ‘தாத்தா இல்லை’ என்பதை எடுப்பது எப்படி? இல்லாததைக் கேமரா எப்படிப் பார்க்கும்? இதற்கு விடை தேட ரொம்பதூரம் போக வேண்டாம், பக்கத்தில் சிதம்பரம் இருக்கிறது. சிதம்பர ரகசியத்தில் திரை விலகினால் தெரிவது தொங்கும் தங்க வில்வ மாலைகள். உருவம் எதுவும் இல்லை. அந்த வெறுமை எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஏன்? திரை இருந்தது, ஏதோ இருக்கப்போகிறது என்று எதிர்பார்த்தோம். எதிர்பார்ப்பை ஏற்படுத்திய பிறகு காலியிடத்தைக் காட்டினால் ‘இல்லை’ என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடும். கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி கிடையாது, ஆனால் எழுதுகிறவர் போய்ப் பார்த்துவரத் தடையில்லையே! இந்தக் குழு செய்தது இதுதான். இரண்டாவது காட்சியில் ஆணியில் கண்ணாடி தொங்குகிறது. ஆயா எடுத்த பிறகு வெறும் ஆணி. அதற்கு ஒரு தனி வரி.

இப்போது திருத்திய பிரதி. முழுக் காட்சியையும் போட அனுமதி வாங்கிவிட்டேன்:

காட்சி 9. வெளி. ஞானசபை மைதானம். விடியுமுன்.

கூட்டம். பையன் சிமென்ட் திண்டின் மேல் நிற்கிறான். அவன் இடது கை ஆயாவின் பிடியில்.

தலைகளுக்கு மேல், தூரத்தில் சபை. உள்ளே கருப்புத் திரை. அது விலகுகிறது. பின்னால் நீலம்.

பையன் வலது கையில் ஒரு விரலை மடக்குகிறான்.

ஒலி: முன்வரிசையிலிருந்து மகாமந்திரம். மெல்ல நெருங்கி வருகிறது.

நீலம் விலகுகிறது. இன்னொரு விரல். பச்சை. சிவப்பு. பொன். வலது கை முழுக்க மடங்கிவிட்டது.

பையன் இடது கையை உருவிக்கொள்கிறான்.

ஆயாவின் கை காற்றில் நிற்கிறது. பிறகு இடுப்புச் சுருக்குப் பைக்குப் போகிறது.

வெள்ளை விலகுகிறது. பையனின் ஆறாவது விரல்.

ஆயாவின் கையில் கருப்புச் சட்டக் கண்ணாடி. முந்தானையால் துடைக்கிறாள்.

ஒலி: மகாமந்திரம் இப்போது பக்கத்தில் நிற்கும் ஆளின் வாயிலிருந்து.

கடைசித் திரை விலகுகிறது. கைகள் எல்லாம் தலைக்கு மேல். சபையும் ஜோதியும் கைகளுக்குப் பின்னால் மறைகின்றன.

ஆயா கண்ணாடியை உயர்த்தி, கையை நீட்டிப் பிடிக்கிறாள். வட்டங்களுக்குள் சபை தலைகீழாக. நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம்.

பையன் குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிறான்.

பையன்: ஆயா, கவுந்து தெரியுது.

ஆயா: உங்க தாத்தாவுக்கு நேராத்தான் தெரியும்.

ஆயா கண்ணாடியை மடிக்கிறாள். பைக்குள் வைக்கிறாள். சுருக்குக் கயிற்றை இழுக்கிறாள்.

‘நிம்மதி’ எங்கே போயிற்று பார்த்தீர்களா? கயிற்றை இழுப்பதில் இருக்கிறது. அதை மெதுவாக இழுக்கலாம், வெடுக்கென்று இழுக்கலாம். அது நடிப்பவரின் உரிமை. ‘நிம்மதியாக இழுக்கிறாள்’ என்று எழுதியிருந்தால் அந்த உரிமை போயிருக்கும். அதோடு, ஆயாவின் அந்தக் கடைசி வசனத்துக்கு ஈடாக எந்தத் துக்க விளக்கமும் வராது என்று அடித்துச் சொல்வேன். கண்ணில் போட்டுக்கொண்டவருக்கு நேராகத்தான் தெரியும் என்பது உண்மையும்கூட.

கழித்த பத்தியை அவர்கள் தூக்கிப் போடவில்லை. ஆயாவாக நடிப்பவரிடம் படித்துக்காட்டத் தனித்தாளில் வைத்திருக்கிறார்கள். மனசில் ஓடுவது நடிப்பவருக்குத் தேவை. சீன் பேப்பரை வைத்து லைட்டும் லென்ஸும் மைக்கும் எடுத்துவைப்பவர்களுக்கு அது பயன்படாது.

தலைப்பில் ‘விடியுமுன்’ என்று போட்டதிலும் கணக்கு உண்டு. தை மாதத்தில் காலை 6 மணிக்கு வடலூரில் சூரியன் எழுந்திருக்காது. அரைமணி போல ஆகும். அந்த இருட்டில்தான் தூரத்து ஜோதி தெரியும். பிற்பகல் 1 மணி தரிசனத்தில் இதே காட்சியை எடுத்தால் வட்டத்துக்குள் புள்ளி வெளிச்சம் தேறாது. ‘பகல்’ அல்லது ‘இரவு’ என்று பொதுவாகப் போட்டிருந்தால் அந்த நேரம் கைநழுவியிருக்கும்.

பத்தாவது காட்சி தருமச்சாலையில். “1867 முதல் அணையாமல் எரியும் அடுப்பு” என்று எழுதியிருந்தார்கள். வரலாறு சரி, 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு அது. ஆனால் கேமராவுக்குத் தெரிவது இன்றைய நெருப்பு மட்டும்தான்! அதற்குப் பக்கத்தில் கண் விழவில்லை. நான் பார்த்தபோது இருந்த கடைசித் திருத்தம்: இரவில் ஒரு முதியவர் அடுப்பில் விறகைத் தள்ளுகிறார், ஒலி, கூரையில் மழை. காலையில் அதே அடுப்பில் ஒரு வாலிபர் விறகைத் தள்ளுகிறார். ஒலி, பந்தியில் இலை போடும் சலசலப்பு. அணையவில்லை என்பது தெரிகிறது. 1867 தெரியவில்லை. ஒரு பலகை எழுதி மாட்டலாமா, சாப்பிட வந்தவர் யாராவது சொல்லலாமா, வருஷத்தையே விட்டுவிடலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் ஓட்டு விட்டுவிடுவதற்குத்தான்.

திரைக்கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் வரும் தைப்பூசத்துக்கு ஒரு நோட்டோடு வடலூருக்கு வாருங்கள். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதிப் பாருங்கள். மாதப் பூசத்தில் போனால் ஆறு திரைதான் விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தன்று மட்டும். காலை 6 மணி தரிசனத்தைத் தவறவிட்டால் 10 மணிக்கும், பகல் 1 மணிக்கும், இரவு 7-க்கும் 10-க்கும், மறுநாள் விடியற்காலை 5.30-க்கும் உண்டு.